பதிப்பகப் பெயர்: யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

1

சிறுபதிப்பகம் ஒன்றைத் தொடங்க நினைக்கிற நண்பர்கள் முதல் கூட்டத்திலேயே பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பணம் எங்கிருந்து வரும், பிழை திருத்துவது யார், விற்ற புத்தகத்துக்குக் கணக்கு எழுதுவது யார் என்ற கேள்விகள் எல்லாம் பிறகு. முதலில் பெயர். அதுவும் எப்படிப்பட்ட பெயர்? சங்க இலக்கியத்திலிருந்து ஒரு பூ, தொல்குடி வாழ்விலிருந்து ஒரு கருவி, இல்லையென்றால் பிரெஞ்சுத் தத்துவத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு கலைச்சொல். பெயர் என்பது இங்கே ஒற்றைச் சொல் கவிதையாகக் கருதப்படுகிறது. எழுதுகிறவர்கள் தொடங்குகிற பதிப்பகம் என்பதால் அப்படித்தான் ஆகும்போலிருக்கிறது.

பதிப்பகப் பெயர் கவிதை அல்ல, அது ஒரு முகவரி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. புத்தகத்தில் அச்சாகியிருப்பதற்கு யார் பொறுப்பு, யாரைப் பிடித்துக் கேட்கலாம் என்பதற்கான பதில்தான் அந்தப் பெயர். இந்தக் கேள்வியை முதலில் கேட்டது வாசகரும் அல்ல, எழுத்தாளரும் அல்ல. அரசு கேட்டது. 1857 எழுச்சிக்குப் பத்தாண்டு கழித்து, 1867இல், அச்சகங்களையும் நூல்களையும் பதிவுசெய்யும் சட்டத்தை ஆங்கில ஆட்சி கொண்டுவந்தது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்டவர் பெயர், வெளியிட்ட இடம் ஆகியவை தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்றது அதன் 3ஆம் பிரிவு. ஆக, நம் புத்தகங்களின் இரண்டாம் பக்கத்து அடக்கமான வரிகள் காவல்துறைக்காக எழுதப்பட்டவை. எந்தக் கதவைத் தட்டுவது என்று அதிகாரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நீண்ட காலம் நீடித்தது. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பருவ இதழ்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. நூல்களை வெளியே விட்டுவிட்டது. இதைச் சிலர் விடுதலை என்று கொண்டாடலாம். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். காவலருக்காக எழுதிய முகவரியைத்தான் இத்தனை காலம் எழுத்தாளரும் பயன்படுத்திவந்தார். ராயல்டி கேட்கவும், அனுமதியில்லாத மறுபதிப்பைத் தட்டிக்கேட்கவும், கையெழுத்துப் பிரதியைத் திரும்பப் பெறவும் அந்த வரிகளைப் பார்த்துத்தான் அவர் கிளம்பினார். அரசு இனி கேட்காது என்றால், அந்தப் பொறுப்பைப் பதிப்பகம் தானாக ஏற்க வேண்டும். பெயர் வைப்பது பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

2

தமிழ்ப் பதிப்பகப் பெயர்களின் வால்களை வைத்தே ஒரு சிறு வரலாறு எழுதலாம். சக்தி காரியாலயம், பாரி நிலையம், எழுத்து பிரசுரம், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் - வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். காரியாலயம் என்றால் அங்கே ஒரு மேசை இருக்கிறது, கணக்குப்பிள்ளை இருக்கிறார். நிலையம் என்றால் கடையும் உண்டு, நேரில் போகலாம். பிரசுரம் என்றால் இடம் மறைந்து செயல் மட்டும் நிற்கிறது. ஒரு பத்திரிகையின் கை நீண்டு புத்தகம் போடுகிறது என்று அர்த்தம். புக் ஹவுஸ் என்ற ஆங்கிலத்தில் ஒரு சர்வதேசக் கனவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாலும் எழுத்தாளரிடம், 'என்னை இப்படி நம்பு' என்று ஒன்றைச் சொல்லிவைக்கிறது.

1974இல் க்ரியா வந்தபோது வால் உதிர்ந்தது. வெறும் பெயர்தான். அதுவும் எப்படி? தமிழில் சொல்லின் முதலில் தனி மெய் வராது என்ற இலக்கண விதியை மீறிக்கொண்டு, ககர மெய்யிலேயே தொடங்குகிற பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் சிறு கோடும் முடிவில் முக்காற்புள்ளியும். அந்தக் காலத்துத் தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டிருந்தால், "இது பேரா, எழுத்துப்பிழையா?" என்று கேட்டிருப்பார். ஆனாலும் அந்தப் பெயர் நின்றது. 1992இல் அந்தப் பதிப்பகம் கொண்டுவந்த அகராதியின் தலைப்பிலேயே பதிப்பகத்தின் பெயர் உடைமை உருபோடு வந்து உட்கார்ந்தது: க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பதிப்பாளர் பெயர் அட்டையின் கீழ் மூலையிலிருந்து தலைப்புக்கே ஏறிவிட்டது.

இதிலிருந்து நம் நண்பர்கள் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்பது என் குற்றச்சாட்டு. விநோதமான பெயர் வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். பெயரின் விநோதம் அதைக் காப்பாற்றவில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயரின் கீழ் வந்த பிரதி செம்மையாக்கப்பட்டிருக்கும் என்ற எதிர்பார்ப்பு திரும்பத் திரும்ப நிறைவேறியது. திரும்ப நிகழ்வதுதான் ஒரு சொல்லைக் குறியாக்குகிறது. ஒருமுறை மட்டும் நிகழ்ந்தது விளம்பரம்.

3

பெயர் ஒரு வாக்குறுதி என்றால், வாக்குக் கொடுத்தவர்கள் பிரிந்துபோனால் என்ன ஆகும்? வாக்கையே விலைக்கு விற்றுவிட்டால் என்ன ஆகும்? இதற்கு இரண்டு பெண்ணியப் பதிப்பகங்களின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது.

லண்டனில் 1973இல் கார்மன் காலில் தொடங்கிய பதிப்பகத்துக்கு முதலில் யோசித்த பெயர் ஸ்பேர் ரிப் புக்ஸ். ஸ்பேர் ரிப் அப்போது வந்துகொண்டிருந்த பெண்ணிய இதழ். பிறகு அதைக் கைவிட்டு விராகோ என்று வைத்தார்கள். அகராதியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்: வீரப் பெண், வாயாடிப் பெண். எதிரி எந்தச் சொல்லால் வைவானோ அதையே எடுத்துப் பலகையில் எழுதி மாட்டிக்கொண்டார்கள். சின்னம், கடித்த ஆப்பிள். 1978இல் நவீனச் செவ்வியல் வரிசையைத் தொடங்கியபோது புத்தகங்களின் முதுகைப் பச்சை நிறத்தில் போட்டார்கள். மறக்கப்பட்ட பெண் எழுத்தாளர்களின் நாவல்கள் அந்தப் பச்சை முதுகோடு வரிசையாக நின்றன. ஆசிரியர் பெயர் தெரியாவிட்டாலும் முதுகின் நிறத்தைப் பார்த்து வாசகர் கையை நீட்டினார். இறந்துபோய், அச்சிலும் இல்லாமல்போன எழுத்தாளருக்குப் பதிப்பகத்தின் குறி தன் நம்பிக்கையைக் கடன் கொடுத்தது. ஒரு சின்னத்தால் இதைவிடப் பெரிய காரியம் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் 1995இல் விராகோ, லிட்டில் பிரவுன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இன்று அது அஷெட் என்ற பெருங்குழுமத்துக்குள் ஒரு துணைப்பெயர். ஆப்பிள் இருக்கிறது, பெயர் இருக்கிறது, நல்ல புத்தகங்களும் வருகின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதவைத் தட்டினால் திறப்பவர் வேறு. எழுத்தாளர்கள் கூட்டாகச் சேர்த்துவைத்த நம்பிக்கை, பெயர் என்ற வடிவில், விலை பேசக்கூடிய ஒரு சொத்தாக மாறியிருந்தது. அது எழுத்தாளர்களின் சேமிப்பு. விற்றபோது அவர்கள் தரப்பில் யாரும் மேசையில் இல்லை.

இன்னொரு கதை தில்லியில். 1984இல் ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் தொடங்கிய காளி ஃபார் விமன். இந்தப் பெயரை இரண்டாக உடைத்துப் படிக்க வேண்டும். காளி என்று மட்டும் வைத்திருந்தால் பக்திப் புத்தகக் கடை என்று நினைப்பார்கள். 'பெண்களுக்காக' என்ற பின்பாதி அதைத் திருத்துகிறது. அப்படியும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இந்துத்துவம் தெருவில் இறங்கிய பத்தாண்டுகளில் ஒரு தேவியின் பெயரை மதச்சார்பற்ற பெண்ணியத்துக்குக் குறியாக வைப்பது கத்தி முனையில் நடப்பது. ஊர் எல்லையில் நிற்கும் நம் காளியும், வங்காளத்துப் பூசைப் பந்தலின் காளியும், ஊர்வலத்தின் காளியும் ஒருத்தி அல்ல. கடன் வாங்கிய பெயருக்கு இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. அதன் பொருளை நிர்ணயிக்கிற வேறு கைகள் வெளியே இருக்கின்றன.

2003இல் இருவரும் தனித்தனியாகப் பதிப்பிக்க முடிவுசெய்தார்கள். அப்போது பெயரை என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. ஒருவர் பெயரை எடுத்துக்கொண்டு மற்றவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. புட்டாலியா தொடங்கியது ஜூபான். இந்துஸ்தானியில் நாக்கு, பேச்சு, மொழி என்றெல்லாம் பொருள்படும் சொல். மேனன் தொடங்கியது விமன் அன்லிமிடெட். ஜூபான் தன் புத்தகங்களில், தான் காளி ஃபார் விமனின் துணைப்பெயர் என்று ஒரு வரி போட்டுக்கொண்டது. விமன் அன்லிமிடெட், தான் காளி ஃபார் விமனின் கூட்டு நிறுவனம் என்று ஒரு வரி போட்டுக்கொண்டது. ஒரே ஒரு வரிதான். ஆனால் பழைய பெயரை நம்பிக் கையெழுத்துப் பிரதி கொடுத்தவருக்கு அந்த வரி சொல்வது: பெயர் மாறியிருக்கிறது, பொறுப்பு எங்கே போயிருக்கிறது என்பது இதோ. தட்ட வேண்டிய கதவு எது என்று தெரிந்துவிட்டது.

நம் ஊரில் கூட்டாளிகள் பிரியும்போது இந்த ஒரு வரியை எழுதுவதில்லை. திடீரென்று ஒரு புதுப் பெயர் முளைக்கிறது. பழைய புத்தகங்களே புது அட்டையோடு, 'முதல் பதிப்பு' என்ற பொய்யோடு வருகின்றன. முந்தைய பதிப்பகத்தின் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு விளம்பரம் ஆகிவிடுமாம்! எழுத்தாளரின் நூல் வரலாற்றிலிருந்து பத்து ஆண்டுகளைக் கத்தரித்து எறிகிறோம் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

4

சரி, பெயரை எப்படித்தான் சோதிப்பது? ஒன்றை எடுத்து முழுசாகப் பார்த்துவிடலாம். மூன்று நண்பர்கள், மாவட்டத் தலைநகரம் ஒன்றில், ஆண்டுக்கு ஆறு புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்தைத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: ஏற்றம், மடை. இரண்டும் நீர் சார்ந்தவை, இரண்டும் உழைப்பு சார்ந்தவை.

முதல் சோதனை, ஆங்கில எழுத்து. சர்வதேசத் தர நூல் எண் கேட்டு விண்ணப்பிக்கும்போது பதிப்பகப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். ஏற்றம் என்பதை ஒருவர் Etram என்று எழுதுவார், இன்னொருவர் Yetram என்பார், மூன்றாமவர் Ettram. வங்கிக் கணக்கில் ஒன்று, எண்ணுக்கான பதிவில் ஒன்று, இணையக் கடையில் ஒன்று என்று ஆகிவிட்டால் தேடுகிறவருக்கு மூன்று பதிப்பகங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு புத்தகம். மடை இந்த வகையில் தப்பித்துவிடுகிறது. யாரிடம் கொடுத்தாலும் Madai என்றே எழுதுவார்கள். வெளிநாட்டு நூலகங்கள் தங்கள் எழுத்துப்பெயர்ப்பு விதிப்படி Maṭai என்று பதிந்துகொள்ளும். அது ஒரே விதியின்படி எப்போதும் நடப்பதால் சிக்கல் இல்லை. இந்தியாவில் அந்த எண்ணைக் கொடுப்பது ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமை, கட்டணம் கிடையாது. பெயரை இங்கே எப்படி எழுதிக் கொடுக்கிறோமோ அப்படியே எல்லாத் தாளிலும் எழுத வேண்டும். இந்த நாளில் எடுக்கிற முடிவு இருபது வருடம் கூட வரும்.

இரண்டாவது சோதனை, வால். மடை பதிப்பகமா, மடைப் பதிப்பகமா? இலக்கணம் ப் போடச் சொல்லும். அட்டை வரைகிற ஓவியர் அது அழகைக் கெடுக்கிறது என்று எடுத்துவிடுவார். உள்ளே தலைப்புப் பக்கத்தில் பிழை திருத்துகிறவர் மறுபடி போட்டுவிடுவார். ரசீதுப் புத்தகத்தில் அச்சகத்துக்காரர் தன் பழக்கத்தில் 'மடை பப்ளிகேஷன்ஸ்' என்று அடித்துக் கொடுப்பார். ஒரே புத்தகத்தைச் சுற்றி மூன்று பெயர்கள் ஆயிற்று. எனவே நான் சொல்வேன்: வாலை வெட்டு. 'மடை' மட்டும். எல்லா இடத்திலும் இரண்டே எழுத்து.

மூன்றாவது, பகைவர் வாய். இதை யாரும் செய்வதில்லை. பெயரை நம் மேடையில் அல்ல, நம்மைப் பிடிக்காதவர் வாயில் வைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். மடை என்றதும் என்ன வரும்? "மடையனுங்க நடத்துற கம்பெனி." நிச்சயம் வரும், முதல் புத்தகக் காட்சியிலேயே வரும். அதைத் தாங்க முடியுமா என்று மூவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். விராகோ வழியில் போனால் இதுவே பலம். ஏரி மடையைத் திறந்து மூடியவர்களை மடையர் என்று அழைத்தார்கள் என்றும், வசைச்சொல் அங்கிருந்து வந்தது என்றும் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். சொற்பிறப்பு சரியோ தவறோ, நீர் பாய்ச்சும் வேலையைப் பல ஊர்களில் தலித்துகளே செய்துவந்தார்கள் என்பது தெரிந்த விஷயம்.

இங்கேதான் பெயர் திரும்பி நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்குகிறது. மடை என்று வைத்துவிட்டு, முதல் ஆறு புத்தகங்களில் மடையைத் திறந்தவர்கள் தரப்பிலிருந்து ஒன்றுகூட இல்லையென்றால், அந்தப் பெயர் திருட்டு. சின்னத்தை வரைவதற்கு முன் அந்த ஆறு தலைப்புகளை ஒரு தாளில் எழுதிப் பெயரின் கீழ் வைத்துப் படித்துப் பாருங்கள். பட்டியலுக்கும் பெயருக்கும் ஒட்டவில்லையா, இரண்டில் ஒன்றை மாற்றுங்கள். ஏழாவது புத்தகம் கொடுக்க வருகிற எழுத்தாளர் இந்தச் சோதனையைத்தான் மனசுக்குள் செய்வார்.

கடைசியாக, வேறு யாராவது அந்தப் பெயரை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. வணிகக்குறிப் பதிவேட்டில் அச்சுப் பொருட்கள் 16ஆம் வகுப்பில் வருகின்றன. யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஒலி ஒத்த பெயர்களையும் பார்க்க வேண்டும். 'நல்ல நூல்', 'தமிழ்ப் புத்தகம்' போன்ற, பொருளை வெறுமனே விவரிக்கிற பெயர்களைத் தனிக் குறியாகப் பதிவுசெய்வது கடினம். அப்படிப்பட்ட பெயரை யாரும் நாளை பயன்படுத்தலாம், நீங்கள் தடுக்க முடியாது. பதிவேட்டில் இல்லாமல் இருபது வருடமாக ஒரு பெயரில் புத்தகம் போட்டுவருகிற ஆள் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கலாம். கன்னிமாரா நூலகத்தின் பட்டியலையும் இரண்டு பழைய புத்தகக் கடைக்காரர்களையும் கேட்காமல் பெயரை அறிவிக்காதீர்கள்.

5

பெயர் முடிவாகிவிட்டது. இனி அது ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். என் அலமாரியில் ஒரு பதிப்பகத்தின் பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். முதல் புத்தகத்தில் சின்னம் கையால் வரைந்தது, கோடுகள் தெளிவு. மூன்றாவதில் அதே சின்னம் சற்றுத் தடித்திருக்கிறது. ஆறாவதில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பத்தாவதில் பறவையா படகா என்று சொல்ல முடியவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் அட்டை ஓவியர் முந்தைய அட்டையிலிருந்து ஸ்கேன் செய்து எடுத்திருக்கிறார். நகலின் நகலின் நகல்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1935இல் பெங்குவின் தொடங்கியபோது எட்வர்ட் யங் என்ற இளைஞர் விலங்குக் காட்சிசாலைக்குப் போய் அந்தப் பறவையை வரைந்துவந்தார். பிறகு பறவை விதவிதமான தோற்றங்களில் வந்தது. 1947இல் யான் சிசோல்ட் வந்தபோது இரண்டு காரியம் செய்தார்: பறவையைத் திருத்தி வரைந்தார், எழுத்துக்கோப்பு விதிகளை நான்கே பக்கத்தில் எழுதி எல்லா அச்சகங்களுக்கும் கொடுத்தார். பல அச்சகங்களில் அடிக்கப்பட்ட புத்தகங்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல ஆனது அதற்குப் பிறகுதான்.

நமக்கு நான்கு பக்கம்கூட வேண்டாம், ஒரு பக்கம் போதும். அதில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதப்படும் என்று இருக்க வேண்டும். சின்னத்தின் மூலக் கோப்பு எது, யாரிடம் இருக்கிறது என்று இருக்க வேண்டும். பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் விளிம்பு உடையாத கோட்டு வரைபடமாக அது இருப்பது அவசியம். கறுப்பில் ஒன்று, இருட்டு அட்டைக்காக வெள்ளையில் ஒன்று. வெள்ளையில் வருவதற்குக் கோடுகளைச் சற்றுத் தடிப்பாக வரைய வேண்டும்; சுற்றியுள்ள மை உள்ளே பரவி மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். அடுத்து, எங்கெல்லாம் வரும் என்ற பட்டியல்: முதுகு, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், பின்னட்டை. முன்னட்டையை ஓவியருக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

இவற்றில் முதுகுதான் சோதனைக்களம். 160 பக்கப் புத்தகத்தில் 80 தாள்கள். நாம் வழக்கமாகப் போடும் 70 கிராம் தாளில் அதன் முதுகு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரும். மடிப்பிலும் வெட்டிலும் அட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரும் என்பதால் இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். மிச்சம் 4 மில்லிமீட்டர். உங்கள் சின்னம் அந்த அகலத்தில் அடையாளம் தெரிகிறதா? தெரியாவிட்டால் அது சுவரொட்டிக்கு வரைந்த ஓவியம், பதிப்பகக் குறி அல்ல. 64 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு முதுகு 3 மில்லிமீட்டர்தான். அங்கே எதுவும் போட முயலாமல் பின்னட்டைக்குப் போய்விடலாம் என்பதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். முதுகின் அடியிலிருந்து சின்னம் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். பத்து என்று வைத்தால் எல்லாவற்றுக்கும் பத்து. எழுத்து மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பதும் ஒருமுறைதான் முடிவாக வேண்டும். மேலிருந்து கீழ் என்றால், புத்தகம் முன்னட்டை தெரியப் படுத்திருக்கும்போது முதுகு நேராகப் படிக்க வரும். அதனால் அதையே நான் விரும்புகிறேன். தலையை இந்தப் பக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் ஒருதரம் சாய்க்க வைக்கிற அலமாரி எரிச்சலூட்டும்.

இதெல்லாம் அழகியல் விவகாரம் என்று தோழர்கள் சிலர் சலித்துக்கொள்ளலாம். அப்படி இல்லை. இரண்டாயிரம் புத்தகம் குவிந்த ஒரு அரங்கில், முதல் நூல் போட்ட பெயர் தெரியாத ஒரு பெண்ணின் புத்தகத்தை, ஏற்கெனவே மூன்று மடை புத்தகம் படித்தவர் கையில் எடுக்கிறாரா இல்லையா என்பது அந்த 4 மில்லிமீட்டரில் இருக்கிறது.

6

ஒரு பெயரைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசினோம். ஒரே வீட்டிலிருந்து பல பெயர்களில் புத்தகம் போடுவதைப் பற்றியும் பேச வேண்டும். துணைப்பெயர் வைப்பது தவறு அல்ல. மொழிபெயர்ப்புக்கு ஒன்று, குழந்தைகள் நூலுக்கு ஒன்று என்று வைத்தால் வாசகருக்கு வழி காட்டுகிறது. ஆனால் நூலக ஆணையில் அதிகத் தலைப்புகள் கிடைக்கட்டும் என்று மனைவி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று என்று தொடங்குகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பெயர்கள் வழி காட்டுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல, மறைப்பதற்காக வைக்கப்பட்டவை. எனக்குத் தெரிந்த கவிஞர் ஒருவரின் மூன்று தொகுப்புகள் மூன்று பெயர்களில் வந்தன. கணக்குக் கேட்கப் போனபோது, "அது வேற கம்பெனிங்க" என்று பதில் வந்தது; சொன்னவர் மூன்றுக்கும் ஒரே ஆள். துணைப்பெயருக்கு ஒரு விதி போதும்: அது யாருடையது என்று ஒவ்வொரு புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்திலும் எழுதியிருக்க வேண்டும். எழுத முடியாத துணைப்பெயர் முகமூடி.

ஒப்பந்தத்திலும் இதே விதிதான். மடை என்பது சட்டத்தின் கண்ணில் ஆள் அல்ல, கூட்டாளிகள் நடத்தும் தொழிலின் வணிகப் பெயர் மட்டுமே. எனவே ஒப்பந்தத்தில் 'மடைக்காக' என்று முடிக்காமல், 'மடை என்ற பெயரில் பதிப்புத் தொழில் செய்யும் இன்னார்' என்று முழுப்பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று எழுத்தாளர் பார்க்க வேண்டும். உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை ஐந்தாண்டு என்றே கொள்ளும். பலருக்கு இது தெரியாது. பாட்டன் காலத்து வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு பேரன் வரைக்கும் அச்சடிக்கிறார்கள்.

விராகோ கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொரு வரி: பதிப்பகத்தின் பெயர் வேறொருவர் கைக்குப் போனால், எழுத்தாளருக்கு ஆறு மாதத்துக்குள் தன் நூலைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. பெயரை நம்பித்தானே கொடுத்தார். பெயரின் பின்னால் இருந்தவர் போய்விட்டால் தொடர்வதா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். இந்த வரியைச் சேர்க்கத் தயங்குகிற பதிப்பாளர், பெயரை ஏற்கெனவே மனசுக்குள் விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். பெரிய நிறுவனங்கள் இதை ஒத்துக்கொள்ளாது. சிறுபதிப்பகம் ஒத்துக்கொள்ளலாம்; அதற்கு இழக்க ஒன்றுமில்லை, பெறுவதற்குத்தான் நிறைய இருக்கிறது.

பெயர் தேடிக்கொண்டிருக்கிற நண்பர்கள் அகராதியைக் கொஞ்சம் மூடிவைக்கலாம். முதலில் அந்த ஒரு பக்கத் தாளையும், ஆறு தலைப்புப் பட்டியலையும், ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியையும் எழுதட்டும். இவை மூன்றும் இருந்தால் சாதாரணமான பெயர்கூடத் தாக்குப்பிடிக்கும்.